ரிவியூ கோலைத் தள்ளிவைக்கச் சொல்லி கிளையண்டிடம் கேட்பது எப்படி?

"அண்ணா, நான் உப்புவெளி. லண்டன் வந்து கொஞ்ச நாள்தான், கட்டட வரைபட ஒஃபிஸ் ஒன்றில் வேலை. வியாழன் காலை பத்து மணிக்குக் கிளையண்டோடு ரிவியூ கோல். திருகோணமலையில் இருக்கிற எங்கட டீம் பன்னிரண்டு படத்தில் எட்டுத்தான் முடித்திருக்கினம். ஸ்டீல் பீம் அளவு வெள்ளிதான் வந்தது, அண்டைக்கு அங்கே போயா லீவு. இன்றைக்குத் திங்கள். புதன் இரவு வரை பொறுத்துப் பார்க்கவா?"

பொறுக்க வேண்டாம், தம்பி. கோல் வியாழன்தான், ஆனால் அவர்கள் படத்தைப் பார்க்க ஒதுக்கியிருக்கும் நேரம் அதற்கு முதல் நாட்கள். செவ்வாய் பின்னேரம் படம் கைக்கு வராவிட்டால் அவர்களுக்கு ஏற்கெனவே பிந்திவிட்டது. ஆகவே இன்று மத்தியானத்துக்குள் உங்கள் மனேஜரிடம் சொல்லுங்கள், பின்னேரத்துக்குள் கிளையண்டுக்குப் போகட்டும். மனேஜரைத் தாண்டி நேரே எழுத வேண்டாம். அந்தத் திகதி ஒப்பந்தத்தில் கட்டணத்தோடு கட்டப்பட்டிருந்தால் தள்ளிவைப்பது அவர் எடுக்க வேண்டிய முடிவு.

எழுதுவதற்கு முதல் புதுத் திகதியைக் கணக்குப் பண்ணுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: படம் முடியும் நாளையே கோல் நாளாகச் சொல்லிவிடுவார்கள். மிச்ச நாலு படமும் புதன் பின்னேரம் ஐந்து மணிக்கு ஊரில் முடியும் என்று வையுங்கள். ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டை மாற்றிய பிறகு லண்டனுக்கும் ஊருக்கும் ஐந்தரை மணித்தியால வித்தியாசம், அப்போது இங்கே காலை பதினொன்றரை. (கோடையில் நாலரை மணித்தியாலம்தான்.) அதிலிருந்து வியாழன் மத்தியானம் வரை உங்கள் ஒஃபிஸ் சரிபார்க்கவும் ஊரில் திருத்தவும் வேண்டும். வியாழன் பின்னேரம் அனுப்பினால் வெள்ளியும் திங்களும் அவர்கள் வாசிக்க. கோல் அடுத்த செவ்வாய் காலை பத்து, அல்லது புதன் காலை பத்து. பின்னேரம் இரண்டு மணி வேண்டாம். ஊரில் அது இரவு ஏழரை, படத்தைக் கீறின பொடியன் வீட்டுக்குப் போயிருப்பான். கேள்வி வந்தால் பதில் சொல்ல அவன்தான் வேணும்.

எட்டுப் படத்தை வைத்து வியாழனே பாதிக் கோல் நடத்தலாமே என்று தோன்றும். மிச்சம் நாலும் தனியாக நிற்கும் படங்கள் என்றால் நல்ல யோசனைதான். ஆனால் பீம் அளவு மாறினால் மாடிப்படிக்கு மேலே தலை இடிக்காத உயரம் மாறும், படி மாறினால் முதல் மாடிப் பிளானும் மாறும். அந்தப் பிளான் உங்கள் எட்டுக்குள் இருந்தால் ஒரே படத்தை இரண்டு முறை பார்க்க வைப்பீர்கள். மாறாத படங்களை மட்டும் முதலே அனுப்புங்கள், கோலை முழுதாகத் தள்ளுங்கள்.

ஈமெயில் ஆங்கிலத்தில்தான் போகும், சாரம் இவ்வளவுதான்:

"வியாழன் ரிவியூவை அடுத்த வாரம் செவ்வாய் அல்லது புதன் காலை 10 மணிக்கு (லண்டன் நேரம்) மாற்றலாமா? பீம் அளவுகள் வெள்ளிக்கிழமை வந்தன, அதனால் மாடிப்படிப் படங்கள் நாலைத் திருத்துகிறோம். முழுத் தொகுதியும் இந்த வியாழன் மாலை 4 மணிக்குள் உங்களிடம் இருக்கும். மாறாத படங்களை இன்றே இணைத்திருக்கிறேன். இந்த மாற்றம் உங்கள் பக்கத்தில் வேறு எந்தத் திகதியையாவது பாதிக்குமா?"

கேட்பது முதல் வரியிலேயே இருக்கிறது, கவனியுங்கள். நம் ஆட்கள் மூன்று வரி மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்கள். அதை வாசிப்பவர் ஏதோ பெரிய பிழை நடந்துவிட்டது என்று பயப்படுவார். போயாவைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். பௌர்ணமி எப்போது என்று முன்கூட்டியே தெரியும், அதைத் திட்டத்தில் போடாதது உங்கள் ஒஃபிஸின் பாடு. பீம் அளவு தந்த எஞ்சினியர் கிளையண்டின் ஆள் என்றாலும், "வெள்ளிக்கிழமை வந்தன" என்பதோடு நிறுத்துங்கள், அவர்களே கூட்டிப் பார்ப்பார்கள். கடைசிக் கேள்வியை விடவே கூடாது. செவ்வாய் அவர்களுடைய மேலிடத்துக் கூட்டம் இருந்து, அதற்கு இந்தப் படங்கள் தேவை என்றால் ஐந்து நிமிடம் போனில் கதைத்து வேறு வழி பார்க்க வேண்டிவரும்.

நேரம் உறுதியாகும் வரை காலெண்டரில் கை வைக்காதீர்கள். உறுதியான பிறகும் பழைய அழைப்பை அழித்துப் புதிது போட வேண்டாம், அதையே நகர்த்தினால் அதில் இருக்கிற எல்லாருக்கும் மாற்றம் போய்ச் சேரும். அழைப்பு அவர்கள் போட்டது என்றால் Outlook இல் Propose New Time இருக்கிறது. நாளை செவ்வாய் மத்தியானம் வரை பதில் வராவிட்டால் போன் எடுங்கள்.

அப்புறம், ஊர் டீமுக்குப் புதன் பின்னேரம் என்று சொல்லாமல் புதன் மத்தியானம் என்று சொல்லுங்கள். அங்கே இப்போது மழைக்காலம், கரண்ட் போனால் அரை நாள் போய்விடும். இரண்டாம் முறையும் திகதி மாற்றக் கேட்டால் உங்கள் மனேஜரிடம்தான் நேரே பேசுவார்கள்.