மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்கு எவ்வளவு பொங்கல் கொடுக்கலாம்?

"எங்களிடம் மூன்று கறவை மாடுகள். மாட்டுப் பொங்கலுக்குச் சாயங்காலம் ஐம்பது, அறுபது பேர் வந்து பொங்கலும் பழமும் ஊட்டுவார்கள். போன வருடம் மீந்ததைத் தொட்டியில் கொட்டினோம். மறுநாள் வாசல் பக்கம் கட்டியிருந்த மாடு தீனி தொடவில்லை, பாலும் பாதியாகிவிட்டது. இந்த வருடம் எவ்வளவு கொடுக்கலாம், ஆப்பசோடா வாங்கி வைக்கவா?" – நிபோங் திபால் வாசகர்

வளர்ந்த மாடு ஒன்றுக்கு ஆறிய பொங்கல் அரை கிலோ போதும். எப்படிப் போனாலும் ஒரு கிலோவைத் தாண்ட வேண்டாம். பழமும் வெல்லமும் அந்தக் கணக்குக்குள்தான்.

உங்கள் மாட்டுக்கு வந்தது வயிற்றில் அமிலம் ஏறும் நோய் போலத் தெரிகிறது. பினாங்குப் பக்கம் நாம் போடுவது பெரும்பாலும் செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு, சோயா சக்கை, வெட்டிய புல். மூன்றிலும் மாவுச்சத்து குறைவு. மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அந்தத் தீனிக்குப் பழகியவை. புதுத் தீனிக்கு அவை மாற இரண்டு வாரமாவது வேண்டும். ஒரே சாயங்காலத்தில் வெந்த அரிசியும் வெல்லமும் போய் விழுந்தால், சர்க்கரையைத் தின்னும் கிருமிகள் மட்டும் மளமளவென்று பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். வயிறு அசைவதை நிறுத்திவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அறுபது பேர் ஆளுக்கு ஒரு கைப்பிடி, அதாவது 100 கிராம் ஊட்டினாலே ஆறு கிலோ. மூன்று மாட்டுக்கும் அது சமமாகப் போகாது. வாசல் பக்கம் நிற்கிற மாட்டின் வாயில்தான் பாதிக்கு மேல் போகும். அதற்கு மேல் தொட்டியில் கொட்டிய மீதி. கைப்பிடியைவிட அந்தத் தொட்டிதான் பெரிய ஆபத்து. மீந்த பொங்கலைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், அக்கம்பக்கத்துக்குக் கொடுங்கள், மாட்டுத் தொட்டிக்கு மட்டும் போக வேண்டாம்.

ஊட்ட வருகிறவர்களைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். அவர்கள் ஆசையோடு வருகிறார்கள். வாசலில் நேப்பியர் புல்லைச் சின்னச் சின்னக் கட்டுகளாகக் கட்டி வையுங்கள், ஆளுக்கு ஒன்று எடுத்து ஊட்டட்டும். பொங்கலை வீட்டுக்காரர் மட்டும் வாழையிலையில் வைத்து ஊட்டினால் அளவு உங்கள் கையிலேயே இருக்கும். நம் நாட்டில் அன்று பொது விடுமுறை இல்லாததால் கூட்டம் வேலை முடிந்து சாயங்காலம்தான் வரும். அதற்குள் மாடுகள் வயிறு நிறையப் புல் தின்றிருக்கட்டும். அன்று சாயங்காலப் பிண்ணாக்கைப் பாதியாகக் குறையுங்கள். பால் குடிக்கிற கன்றுக்குப் பொங்கல் வேண்டவே வேண்டாம், நெற்றியில் பொட்டு வைத்தால் போதும்.

ஆப்பசோடா வாங்கி வையுங்கள். முந்தின நாளிலிருந்து மூன்று நாளைக்கு, மாட்டுக்குக் காலையில் 50 கிராம், மாலையில் 50 கிராம் தீனியில் கலக்கலாம். சோடா போட்டாயிற்று என்று பொங்கலைக் கூட்டிவிடாதீர்கள், அந்த அளவுக்கு அது தாங்காது. அப்புறம், தீவனக் கடைக்காரனாக இருந்துகொண்டே சொல்கிறேன்: இந்த வாரம் எந்தப் புதுத் தீவனமும் வாங்காதீர்கள். பழகிய தீனியே இருக்கட்டும்.

அன்று இரவு பத்து மணிக்கு ஒருமுறை, விடியற்காலைக் கறவைக்கு முன் ஒருமுறை மாட்டைப் பாருங்கள். இடது பக்கம், கடைசி விலா எலும்புக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் கைமுட்டியை அழுத்தி இரண்டு நிமிடம் வைத்திருங்கள். நல்ல மாட்டில் அதற்குள் இரண்டு மூன்று முறை வயிறு உருண்டு வந்து கையைத் தள்ளும். தள்ளாமல் கிடந்து, அழுத்தும்போது குடத்துத் தண்ணீர்போலத் தளும்பினால் கோளாறுதான். அசை போடாது. சாணி தண்ணீராய், சாம்பல் நிறத்தில், புளித்த வாடையோடு போகும். முற்றினால் கண் குழி விழும், நடை தள்ளாடும்.

அப்படிப் பார்த்தால் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அவர் வரும்வரை பிண்ணாக்கை நிறுத்தி, காய்ந்த புல் மட்டும் போடுங்கள். தண்ணீரைத் தொட்டி நிறைய வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுங்கள். மாடு நின்றுகொண்டு, நன்றாக விழுங்குகிற நிலையில் இருந்தால் 100 முதல் 150 கிராம் ஆப்பசோடாவை இரண்டு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துப் புகட்டலாம். தலையை உயரத் தூக்காதீர்கள், நாக்கைப் பிடித்து இழுக்காதீர்கள். வாயின் ஓரத்தில் கொஞ்சம் ஊற்றி, விழுங்கியதைப் பார்த்து அடுத்தது. இருமினால் நிறுத்திவிடுங்கள், நுரையீரலுக்குள் போனால் அதுவே உயிரை எடுக்கும். படுத்துவிட்ட மாட்டுக்கு எதையும் புகட்டக் கூடாது.

பூசை முடிந்ததும் மாலைகளைக் கழற்றிவிடுங்கள். கடையில் வாங்கும் மாலைகளில் பல நைலான் கயிற்றில் கட்டியவை. மாடுகள் ஒன்றின் கழுத்து மாலையை இன்னொன்று பூவோடு சேர்த்து இழுத்துத் தின்றுவிடும், கயிறு செரிக்காமல் வயிற்றிலேயே தங்கிவிடும். முடிந்தால் வாழைநாரில் கட்டித் தரச் சொல்லுங்கள்.