மாம்பழக்கூழ் டிரம் நம்பரும் கிரெடிட் கார்டு நம்பரும்

கேள்வி: கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் ஐடி பார்க்கிறேன். மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருக்கிறோம். கார்டு நம்பர் வெளியே போகக் கூடாது என்று டிஎல்பி விதி போட்டேன். ஜூன் மாதம் சீசன் தொடங்கியதும் பேக்கிங் லிஸ்ட்டை எல்லாம் தடுக்கிறது. ஒரே மாதிரி ஃபைல் ஒரு நாள் போகிறது, மறுநாள் நிற்கிறது. டிஸ்பாட்ச் ஆட்கள் சொந்த ஜிமெயிலில் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். விதியை எடுத்துவிடவா?

பதில்: எடுக்க வேண்டாம். ஆனால் தடுப்பதை இன்றைக்கே நிறுத்தி, விதியை, எதையும் தடுக்காமல் சிக்குவதை மட்டும் காட்டும் `Simulation mode`க்கு மாற்றிவிடுங்கள். சொந்த ஜிமெயிலில் போகும் ஃபைலை உங்கள் விதி பார்க்கவே முடியாது. அதனால் இப்போதைய நிலை விதியே இல்லாததைவிட மோசம். தர்மபுரியில் ஒரு நிறுவனத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். தடை போட்ட மூன்றாம் நாள் கணக்கர் சம்பளப் பட்டியலையே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தார்.

மாற்றும்போது ஒரு டிக்கைக் கவனியுங்கள். 15 நாள் யாரும் திருத்தாவிட்டால் விதி தானாகவே அமலுக்கு வரட்டும் என்று ஒரு வரி இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் லோடிங்கில் மூழ்கியிருக்கும் வாரத்தில் தடை திரும்ப வந்து நிற்கும்.

இனி, ஒரு நாள் போய் மறுநாள் நிற்பது ஏன் என்று பார்ப்போம். டிரம் நம்பர்களை நீங்கள் அனுப்பவில்லை. அதனால் உங்கள் தொழிலில் வழக்கமாக இருக்கும் ஓர் அமைப்பை நானே எடுத்துக்கொள்கிறேன். ஆலைக்கு 42, அடுத்து தேதி 250618, டேங்க் 07, டிரம் வரிசை 000123. சேர்த்து எழுதினால் இப்படி வரும்:

```
4225061807000123
```

பதினாறு இலக்கம், தொடக்கம் 4. விசா கார்டும் அப்படித்தான். கருவி அடுத்துப் பார்ப்பது லூன் சோதனை. ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் கண்டுபிடித்த கணக்கு அது. பதினாறு இலக்க எண்ணில், இடமிருந்து 1, 3, 5 என்று ஒற்றைப்படை இடங்களில் உள்ள இலக்கங்களை இரட்டிக்க வேண்டும். இரட்டித்தது 9ஐத் தாண்டினால் 9 கழிக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் கூட்டி, 10ஆல் மீதியின்றி வகுபட்டால் தேர்ச்சி. மேலே உள்ள எண்ணில் ஒற்றைப்படை இடங்கள் 18 தருகின்றன, இரட்டைப்படை இடங்கள் 32. கூட்டினால் 50. தேர்ச்சி! கூழ் டிரம் கார்டாகிவிட்டது.

பக்கத்து டிரம் 000124க்குக் கூட்டுத்தொகை 51, அது தேறாது. கடைசி இலக்கம் இரட்டிக்கப்படாமல் அப்படியே கூடுகிறது. எனவே 120 முதல் 129 வரை பத்து டிரம்மில் சரியாக ஒன்றுதான் தேறும். 20 அடி கண்டெய்னர் ஒன்றில் 80 டிரம் ஏற்றுகிறீர்கள் என்றால் சுமார் 8 டிரம் நம்பர்கள் கார்டு போல நிற்கும். கார்டுகளுக்கான ஆயத்த டெம்ப்ளேட்டை எடுத்தால் அது இரண்டு விதிகளாக வருகிறது: 1 முதல் 9 வரை கண்டால் ஒரு விதி, 10ம் அதற்கு மேலும் கண்டால் கடுமையான இன்னொன்று. ஒரு கண்டெய்னர் லிஸ்ட்டில் 8, எச்சரிக்கையோடு போய்விடும். இரண்டு கண்டெய்னரை ஒரே ஃபைலில் போட்டால் 16, நின்றுவிடும். உங்கள் “ஒரு நாள் போகிறது, மறுநாள் நிற்கிறது” பெரும்பாலும் இதுதான். தடைபட்ட ஃபைல்களைத் திறந்து டிரம் எண்ணிக்கையை எண்ணிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

எண்ணிக்கை வரம்பை 20 ஆக்கினால் தீருமா? இந்த வாரம் தீரும். மூன்று கண்டெய்னர் லோடு வரும் வாரம் மறுபடியும் நிற்கும். நடுவில் 15 கார்டு உள்ள நிஜமான பட்டியல் ஒன்று வழுக்கிப் போய்விடும். எண்ணிக்கையைத் தொடாதீர்கள்.

அடுத்து எல்லோரும் செய்வது, நம்பகத்தை `High confidence` ஆக்குவது. திசை சரிதான். மைக்ரோசாஃப்ட்டின் `Credit Card Number` வகையில், லூன் தேறிய எண் மட்டும் இருந்தால் நம்பகம் குறைவு. அந்த எண்ணுக்கு 300 எழுத்துக்குள் கார்டு கம்பெனிப் பெயரோ, சிவிவி போன்ற சொல்லோ, காலாவதித் தேதியோ இருந்தால்தான் நம்பகம் உயர்கிறது. பெரும்பாலான அலுவலகங்களில் இந்த ஒரு மாற்றமே பாதித் தொல்லையைப் போக்கிவிடும்.

உங்கள் இடத்தில் போக்காது. ஏனென்றால் கூழுக்கும் காலாவதி உண்டு! பேக்கிங் லிஸ்ட்டில் ஒவ்வொரு டிரம்முக்கும் எதிரே 06/27 என்று ஒரு தேதி இருக்கும். கார்டின் முகப்பில் அச்சடித்திருப்பதும் அதே வடிவம். எண்ணும் தேறுகிறது, பக்கத்தில் தேதியும் இருக்கிறது, கருவி வேறென்ன நினைக்கும்? துபாய் கண்காட்சிக்குப் போகிறவர்களின் மெயிலில் ‘விசா’ என்ற சொல் வருவதும் இதே வகைக் கூத்துதான்.

ஆகவே செய்ய வேண்டியது இரண்டு. முதலில், `Credit Card Number` வகையை நகல் எடுத்து உங்கள் பெயரில் ஒன்று உருவாக்குங்கள். மூலத்தைத் திருத்த முடியாது, நகலைத் திருத்தலாம். நகலின் உயர்நம்பகப் பகுதியில் துணைச் சான்றாக இருக்கும் காலாவதித் தேதியை எடுத்துவிடுங்கள். கார்டு கம்பெனிப் பெயர்களும் சிவிவி சொற்களும் இருக்கட்டும். அவற்றோடு உங்கள் ஆட்கள் உண்மையில் எழுதும் சொற்களைச் சேருங்கள்: ‘கார்டு நம்பர்’, ‘ரூபே’, அப்புறம் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும்போது வரும் வடிவங்கள். இதற்கு ஒரு விலை உண்டு. கார்டு என்ற சொல்லே இல்லாமல் எண்ணும் தேதியும் மட்டும் எழுதிய மெயில் இனி உயர்நம்பகத்தில் விழாது. அதற்காகக் குறைந்த நம்பகத்தில் ஒரு தனி விதி வையுங்கள். அது யாரையும் தடுக்கக் கூடாது, உங்களுக்கு மட்டும் வாரம் ஒரு பட்டியல் தர வேண்டும். திங்கட்கிழமை காலை பத்து நிமிடம் போதும்.

இரண்டாவது, டிரம் நம்பரை எழுதும் விதம். எக்செலில் இப்படிப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்:

```
42-250618-07-000123
```

பதினாறு இலக்கக் கார்டு எண் சேர்ந்தோ நான்கு நான்காகப் பிரிந்தோதான் இருக்கும். 2-6-2-6 என்ற பிரிவைக் கருவி கார்டாக எடுப்பதில்லை. ஃபைலில் எழுத்தாகவே கோடு இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். செல்லின் ஃபார்மேட்டில் மட்டும் கோடு காட்டினால் உள்ளே பழைய பதினாறு இலக்கமே இருக்கும். (பதினாறு இலக்கத்தை எண்ணாக வைத்தால் எக்செல் கடைசி இலக்கத்தைச் சுழியமாக்கிவிடும், அதுவும் தனித் தலைவலி.) டிரம் லேபிளில் கோடு இல்லையென்றால் வாங்குபவரிடமும் கிளியரிங் ஏஜென்ட்டிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ‘42ல் தொடங்கும் எண்களை விட்டுவிடு’ என்று விதியில் எழுதலாமே என்று தோன்றும். எழுதாதீர்கள். 42ல் தொடங்கும் விசா கார்டுகளும் உண்டு, அவை எல்லாம் சேர்ந்து தப்பிவிடும்.

இவ்வளவு செய்தபின் மிச்சம் வருபவை பெரும்பாலும் நிஜமானவை. உங்கள் தொழிலில் அவை எப்படி வரும் என்று யூகிக்க முடிகிறது. வெளிநாட்டு வாங்குபவர் சாம்பிள் கேட்பார், கூரியர் செலவுக்குத் தன் கார்டு நம்பரையே மெயிலில் எழுதி அனுப்புவார். உங்கள் எக்ஸ்போர்ட் அலுவலர் “நன்றி, அனுப்பிவிட்டோம்” என்று பதில் போடுவார். அடியில் அவருடைய பழைய மெயில் ஒட்டிக்கொண்டு போகும். தடுக்கப்பட்டவருக்குத் தான் எந்தக் கார்டையும் அனுப்பவில்லையே என்று கோபம் வரும், நியாயம்தானே. எனவே ஒன்று முதல் ஒன்பது வரை கண்டால் தடுக்காமல் எச்சரிக்கை காட்டுங்கள், காரணம் எழுதிவிட்டு அனுப்ப விடுங்கள். எச்சரிக்கை வாசகத்தை நீங்களே எழுதலாம். தமிழில் எழுதுங்கள்: “இந்த மெயிலில் கார்டு எண் இருப்பது போலத் தெரிகிறது. கீழே வாடிக்கையாளரின் பழைய மெயில் இருந்தால் அதை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.” வெறுமனே ‘கொள்கை மீறல்’ என்று காட்டினால் எதை நீக்குவது என்று யாருக்கும் புரியாது.

பத்தும் அதற்கு மேலும் உயர்நம்பகத்தில் கண்டு, பெறுபவர் வெளியாள் என்றால் முழுத் தடை. இந்த விதியில் ‘தவறான கண்டுபிடிப்பு என்று சொன்னால் தானாக விட்டுவிடு’ என்ற வசதியைத் தராதீர்கள். கம்பெனிக்குள்ளேயே போகும் மெயிலுக்குத் தடை எதுவும் வேண்டாம், பட்டியலில் விழுந்தால் போதும்.

ஒன்டிரைவுக்கும் ஷேர்பாயின்ட்டுக்கும் இதே இரண்டு படிகள்தான். தடுக்கும்போது வெளியாட்களுக்கு மட்டும் தடுங்கள், ஃபைலின் சொந்தக்காரர் திறக்க முடியாமல் போகக் கூடாது. சிமுலேஷன் அங்கே ஏற்கெனவே கிடக்கும் ஃபைல்களையும் காட்டும். பழைய கண்காட்சிப் பயணத்துக்கு ஹோட்டல் கேட்ட கார்டு படிவம் போன்றவை அப்படித்தான் வெளிவரும். அவற்றை விதியால் காப்பாற்றுவதைவிட அழித்துவிடுவது மேல். இந்தியக் கார்டு என்றால் 2022 அக்டோபர் 1 முதல் வணிகர்கள் முழு எண்ணைச் சேமித்து வைக்கவே ரிசர்வ் வங்கி விடுவதில்லை. கடைசி நான்கு இலக்கமும் வழங்கிய வங்கியின் பெயரும் வைத்துக்கொள்ளலாம். எந்த நாட்டுக் கார்டானாலும், பணம் பிடித்தபின் சிவிவியை வைத்திருக்கக் கூடாது. சாம்பிள் கூரியருக்கு பேமென்ட் லிங்க் அனுப்பும் பழக்கம் வந்தால் மெயிலில் கார்டு வருவதே குறையும்.

சிமுலேஷனை இரண்டு வாரம் ஓட விடுங்கள், அதற்குள் குறைந்தது ஒரு பெரிய லோடிங் நாள் இருக்க வேண்டும். சிக்கிய ஒவ்வொன்றையும் திறந்து ‘கார்டு’, ‘கார்டு இல்லை’ என்று இரண்டாகப் பிரியுங்கள். பத்துக்கு மேல் என்ற விதியில் ஒரே ஒரு பேக்கிங் லிஸ்ட் தெரிந்தாலும் தடையைப் போடாதீர்கள், எந்தச் சான்று அதை உயர்த்தியது என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். எச்சரிக்கை விதியில் நாலில் ஒன்று தவறாக வந்தால்கூட நான் தாங்கிக்கொள்வேன், அங்கே யாருடைய வேலையும் நிற்பதில்லை. சோதிக்க யாருடைய நிஜக் கார்டையும் பயன்படுத்தாதீர்கள், பேமென்ட் கேட்வேக்கள் தரும் சோதனை எண்களில் நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இந்த விதிக்குக் கண் தெரியாத இடங்கள் இரண்டு உண்டு. கார்டு படிவத்தை மொபைலில் படம் பிடித்து அனுப்பினால், படத்தில் எழுத்தைப் படிக்கும் வசதியைத் தனியாக வாங்கி இயக்கியிருந்தால் ஒழிய அது தெரியாது. பாஸ்வேர்டு போட்ட ஃபைலின் உள்ளேயும் அதனால் பார்க்க முடியாது. பாஸ்வேர்டு போட்ட இணைப்பு வெளியே போகிறது என்பதை மட்டும் ஒரு நிபந்தனையால் பிடிக்கலாம். ஆனால் உங்கள் வங்கி சம்பள ஃபைலைப் பாஸ்வேர்டு போட்டுத்தான் அனுப்பச் சொல்லும் என்றால், அந்த வங்கியின் முகவரிக்கு முதலில் விலக்கு வைத்துவிட்டுப் போடுங்கள். சம்பளத் தேதியில் அது நின்றால் அப்புறம் உங்களைத் தேடி முதலாளியே வருவார்.