ஹிட் வந்தால் வரிசை நகருமா? ஃபைஃபோ, எல்ஆர்யு பேஜ் ஃபால்ட் கணக்குகள்: கேள்வி பதில்

ஜாலஹள்ளி, ஐந்தாம் செமஸ்டர் மாணவி: அக்கா, நாளை மறுநாள் ஓ.எஸ். இன்டர்னல். 4 2 4 6 1 4 2 6 4 3, மூன்று ஃபிரேம். எனக்கு ஃபைஃபோவுக்கும் 7, எல்ஆர்யுவுக்கும் 7 வருகிறது. இரண்டும் ஒன்றாக வரலாமா?

வேறு கணக்கில் வரலாம்மா, இதில் வராது. ஃபைஃபோவுக்கு 8, எல்ஆர்யுவுக்கு 7. நீங்கள் இரண்டு முறையும் எல்ஆர்யுவைத்தான் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கீழே ஒவ்வொரு வரியிலும் இடது ஓரத்தில் இருப்பதுதான் அடுத்து வெளியே போக வேண்டிய பேஜ். F என்றால் ஃபால்ட்.

```
பேஜ்   FIFO        LRU
4      4      F    4      F
2      4 2    F    4 2    F
4      4 2    -    2 4    -
6      4 2 6  F    2 4 6  F
1      2 6 1  F    4 6 1  F
4      6 1 4  F    6 1 4  -
2      1 4 2  F    1 4 2  F
6      4 2 6  F    4 2 6  F
4      4 2 6  -    2 6 4  -
3      2 6 3  F    6 4 3  F
```

மூன்றாவது வரியைப் பாருங்கள். 4 ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, அதனால் ஹிட். எல்ஆர்யுவில் 4 இப்போதுதான் பயன்பட்டது என்பதால் வரிசையின் கடைசிக்குப் போகிறது. ஃபைஃபோவுக்கு அந்தக் கவலையே கிடையாது. எப்போது உள்ளே வந்தது என்பது மட்டும்தான் அதற்குக் கணக்கு, எத்தனை தடவை ஹிட் ஆனாலும் வரிசை அசையாது. அதனால் 1 வரும்போது ஃபைஃபோ 4ஐ வெளியே தள்ளுகிறது, எல்ஆர்யு 2ஐத் தள்ளுகிறது. அடுத்த வரியிலேயே 4 திரும்ப வருவதால் ஃபைஃபோவுக்கு மட்டும் ஒரு ஃபால்ட் கூடிவிடுகிறது. அப்புறம் இரண்டு பக்கமும் ஒரே வரிசைக்கு வந்துவிடுகின்றன. 8க்கும் 7க்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரே இடத்தில் பிறந்ததுதான்.

ஃபைஃபோ போடும்போது ஹிட் வந்தால் பேனாவை எடுத்துவிடுங்கள். மேல் வரியை அப்படியே இறக்கி எழுதினால் போதும்.

கே.ஆர். புரம்: முதல் மூன்று பேஜையும் ஃபால்ட்டாக எண்ணுவது தப்பு. ஃபிரேம் காலியாகத்தானே இருந்தது, எதையும் வெளியேற்றவில்லையே? எங்கள் பேட்சில் பாதிப் பேர் இதே கணக்குக்கு ஃபைஃபோ 5 என்றுதான் எழுதினோம்.

வெளியேற்றவில்லை என்பது சரிதான். ஆனால் ஃபால்ட் என்பது வெளியேற்றத்தைப் பற்றியதே அல்ல. கேட்ட பேஜ் மெமரியில் இல்லை என்றால் ஃபால்ட், அவ்வளவுதான். காலியான ஃபிரேமில் வைத்தாலும் டிஸ்க்கிலிருந்து அதைக் கொண்டுவந்துதானே ஆக வேண்டும்?

உங்கள் 5 வேறொரு கேள்விக்குச் சரியான விடை. எத்தனை பேஜ் மாற்றப்பட்டது என்று கேட்டால், 8 ஃபால்ட்டில் காலி ஃபிரேம்களை நிரப்பிய மூன்றைக் கழித்து 5 என்று எழுதலாம். வினாத்தாளில் எந்த வார்த்தை இருக்கிறது என்று பாருங்கள். தொடக்கத்திலேயே இன்னின்ன பேஜ்கள் ஏற்றப்பட்டுள்ளன என்று கேள்வியே சொல்லியிருந்தால் மட்டும் அவற்றை ஃபால்ட்டாக எண்ண வேண்டாம்.

அல்சூர்: எல்ஆர்யு எப்போதும் ஃபைஃபோவைவிடக் குறைவாகத்தான் வரும், கூட வந்தால் கணக்கு தப்பு என்று ட்யூஷனில் சொன்னார்கள். விடையைச் சரிபார்க்க அது போதாதா சார்?

போதாது, அதை நம்பினால் சரியான விடையையே அடித்துவிடுவீர்கள். 1 2 3 4 1 2 5 1 2 3 4 5 என்ற வரிசையை மூன்று ஃபிரேமில் போட்டுப் பாருங்கள். ஃபைஃபோவுக்கு 9, எல்ஆர்யுவுக்கு 10.

கடைசி 5தான் காரணம். ஏழாவதாக 5 உள்ளே வரும்போது இரண்டிலுமே 1, 2, 5 இருக்கின்றன. அதன் பின் 1, 2 இரண்டும் ஹிட். அதனால் எல்ஆர்யுவின் பார்வையில் 5 பழையதாகிவிடுகிறது, அடுத்து 3 வந்ததும் 5 போய்விடுகிறது. ஃபைஃபோவோ அந்த ஹிட்களைக் கண்டுகொள்ளவில்லை. 3க்கு 1ஐயும், 4க்கு 2ஐயும் தள்ளுகிறது, 5 தப்பிக்கிறது. கடைசியில் 5 வரும்போது ஃபைஃபோவில் ஹிட், எல்ஆர்யுவில் ஃபால்ட்.

இதே வரிசைக்கு ஃபிரேமை நான்காக்கினால் ஃபைஃபோ 9லிருந்து 10 ஆகிறது. மெமரி கூடியும் ஃபால்ட் கூடுகிறது! பெலாடி, நெல்சன், ஷெட்லர் மூவரும் 1969இல் எழுதிய விஷயம் இது. எல்ஆர்யுவில் இது நடக்கவே நடக்காது. கடைசியாகத் தொட்ட மூன்று பேஜ்கள் எப்போதும் கடைசியாகத் தொட்ட நான்குக்குள் அடக்கம், ஆகவே மூன்று ஃபிரேமில் ஹிட் ஆனது நான்கிலும் ஹிட்தான். இங்கே 10 என்பது 8 ஆகக் குறைகிறது. சரிபார்க்க வேண்டுமானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: ஃபிரேம் கூடும்போது எல்ஆர்யு ஃபால்ட் கூடினால் எங்கோ கை தவறியிருக்கிறது.

கேட் தேர்வுக்குப் படிப்பவர், மாரத்தஹள்ளி: எல்ஆர்யுவுக்கு டேபிள் போடாமல் எண்ண வழி உண்டா?

உண்டு. ஒரு பேஜ் வரும்போது, அதே பேஜ் கடைசியாக வந்த இடம்வரை பின்னால் போங்கள். நடுவில் எத்தனை வெவ்வேறு பேஜ்கள் என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை ஃபிரேம் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருந்தால் ஹிட். முன்பு வரவே இல்லை என்றால் ஃபால்ட்.

மேலே மாணவி கொடுத்த வரிசையில் ஏழாவதாக வரும் 2ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய 2க்கும் இதற்கும் நடுவில் 4 6 1 4. வெவ்வேறு பேஜ் மூன்று, 4ஐ இரண்டு தடவை எண்ணக் கூடாது. மூன்று ஃபிரேமில் ஃபால்ட், நான்கு ஃபிரேமில் ஹிட். ஒரே ஓட்டத்தில் எல்லா ஃபிரேம் எண்ணிக்கைக்கும் விடை கிடைத்துவிடுகிறது: அந்த வரிசைக்கு மூன்றில் 7, நான்கில் 5. ஃபைஃபோவுக்கு இது செல்லாது, அதற்குக் கியூதான் போட வேண்டும்.

எலக்ட்ரானிக் சிட்டி, சாஃப்ட்வேர் வேலை: என் லினக்ஸ் லேப்டாப் 8 ஜிபி, ஒரு புரோகிராமுக்கே ஃபால்ட் லட்சக்கணக்கில் காட்டுகிறது. ஃபைஃபோவிலிருந்து எல்ஆர்யுவுக்கு மாற்றினால் குறையுமா?

இங்கே பேசுவது தேர்வுக் கணக்கு என்றாலும் சொல்கிறேன். லினக்ஸ் ஃபைஃபோவில் ஓடவில்லை, அச்சு அசல் எல்ஆர்யுவும் இல்லை. ஒவ்வொரு மெமரி அணுகலுக்கும் வரிசையைத் திருத்தி எழுதினால் கட்டுப்படியாகாது, அதனால் சமீபத்தில் தொட்டதா இல்லையா என்று தோராயமாகத்தான் பார்க்கிறது. நீங்கள் பார்க்கும் லட்சத்தில் பெரும்பாலானவை டிஸ்க்குக்கே போகாத சின்ன ஃபால்ட்டாக இருக்கும்.

```
ps -o min_flt,maj_flt -p PID
vmstat 1
```

முதல் கட்டளையில் `PID` இருக்கும் இடத்தில் அந்த புரோகிராமின் எண்ணைப் போடுங்கள். டிஸ்க்குக்குப் போன ஃபால்ட்டை எண்ணும் `maj_flt` ஏறிக்கொண்டே போகிறதா, இரண்டாவதில் ஸ்வாப்பைக் காட்டும் `si`, `so` தொடர்ந்து பூஜ்ஜியத்துக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஆம் என்றால் ராம் போதவில்லை.

கே.ஆர். புரம் (மறுபடியும்): மேலே நீங்கள் போட்ட மாதிரி வரிசையாக எழுதியதற்கு எனக்கு இரண்டு மதிப்பெண் குறைத்தார்கள். ஃபிரேம் இடம் மாறிவிட்டதாம். எண்ணிக்கை சரிதானே?

எண்ணிக்கை சரி. நான் போட்டது கியூவின் வரிசை, ஃபிரேமின் படம் அல்ல. நிஜத்தில் 4 போனால் அது இருந்த அதே ஃபிரேமில் 1 உட்காரும், 2ம் 6ம் நகராது. அதாவது 4 2 6க்கு அடுத்து 1 2 6.

கேள்வி ஒவ்வொரு ஃபிரேமின் உள்ளடக்கத்தையும் காட்டச் சொல்லியிருந்தால் குறைத்தது நியாயம். ஃபால்ட் எண்ணிக்கையை மட்டும் கேட்டிருந்தால் குறைத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. ஆனால் திருத்துபவர்களிடையே இதில் ஒருமித்த வழக்கம் இல்லை, வினாத்தாளோடு போய் அவரிடமே கேளுங்கள். அடுத்த தேர்வில் ஃபிரேம் டேபிளை விடைத்தாளிலும், கியூவை ஓரத்தில் பென்சிலாலும் எழுதுங்கள்.