தண்ணீரில் ஒலிக்கு என்ன அவசரம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மகளின் நோட்டில் "தண்ணீர் காற்றைவிட அடர்த்தியானது, அதனால் ஒலி அதில் வேகமாகச் செல்கிறது" என்று எழுதியிருக்கிறது. அடுத்த பக்கத்திலேயே "சூடான காற்றின் அடர்த்தி குறைவு, அதனால் ஒலியின் வேகம் கூடும்" என்று இருக்கிறது. இரண்டில் எது சரி? (வாசகி, திருச்சி)

இரண்டாவது. முதல் வரியை எழுதிக்கொடுத்தவர் விடையைச் சரியாகச் சொல்லிவிட்டு, காரணத்தைத் தலைகீழாகச் சொல்லிவிட்டார். இது மிகப் பழைய தவறு. நானும் படிக்கும் காலத்தில் இப்படி எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

மருந்துக்கடையில் ஊசி மாட்டாத ஒரு சிரிஞ்சு வாங்குங்கள். பாதி வரை காற்றை இழுத்து, முனையை விரலால் அடைத்துக்கொண்டு தண்டை அழுத்துங்கள். மெத்தை மாதிரி உள்ளே போகும், விட்டால் திரும்பி வரும். இப்போது காற்றுக் குமிழே இல்லாமல் தண்ணீர் நிரப்பி அதேபோல அழுத்திப் பாருங்கள். தண்டு அசையாது. ஒலியின் வேகம் இந்த விறைப்பில் இருக்கிறது. ஒலி என்பது ஓர் அடுக்கு அடுத்த அடுக்கை நெருக்க, அது அதற்கடுத்ததை நெருக்க, அப்படியே கைமாறிப் போகும் ஒரு தள்ளல். பொருள் எவ்வளவு விறைப்போ அவ்வளவு சீக்கிரம் தள்ளல் அடுத்த கைக்குப் போகும். அடர்த்தி செய்வது நேர் எதிரான வேலை. அடுக்கு கனமாக இருந்தால் அது நகரத் தயங்கும், தள்ளல் தாமதமாகும்.

சூத்திரமாக எழுதினால் v = √(K/ρ). மேலே இருக்கும் K விறைப்பு, பள்ளிப் புத்தகத்தில் பருமக் குணகம் என்று வரும். கீழே இருக்கும் ρ அடர்த்தி. 20 டிகிரியில் தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 830 மடங்கு அடர்த்தி. அது மட்டும்தான் கணக்கு என்றால் தண்ணீரில் ஒலி ஊர்ந்துதான் போக வேண்டும். ஆனால் விறைப்பில் தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 15,500 மடங்கு. 15,500-ஐ 830-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 4.3 வரும். காற்றில் நொடிக்கு 343 மீட்டர், தண்ணீரில் 1,482 மீட்டர். அதே 4.3 மடங்குதான்.

இன்னும் சந்தேகம் இருந்தால் பாதரசத்தைப் பாருங்கள். தண்ணீரைவிட 13.6 மடங்கு அடர்த்தி. நோட்டில் உள்ள வரி உண்மையானால் அதில் ஒலி பறக்க வேண்டும். ஆனால் வேகம் சுமார் 1,450 மீட்டர்தான், தண்ணீரைவிடக் கொஞ்சம் குறைவு. பாதரசத்தின் விறைப்பும் தண்ணீரைப் போலப் பதின்மூன்று மடங்கு என்பதால் இரண்டும் ஏறக்குறைய சரிக்குச் சரியாகிவிடுகின்றன.

சூடான காற்றுக்கும் இதே கணக்குதான். அழுத்தம் மாறாத வரை காற்றின் விறைப்பு மாறாது. சூட்டில் அடர்த்தி மட்டும் குறைகிறது, வேகம் கூடுகிறது. ஒரு டிகிரிக்கு நொடிக்கு சுமார் 0.6 மீட்டர்.

தண்ணீரில் இந்த வேகத்தை 1826-இல் ஜெனீவா ஏரியில் கொலாடோன் என்ற இயற்பியலாளரும் ஸ்டர்ம் என்ற கணிதவியலாளரும் அளந்தார்கள். ஒரு படகில் மணியைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, அதை அடிக்கும் அதே நொடியில் மேலே வெடிமருந்து பளிச்சென்று எரியும்படி செய்தார்கள். சுமார் 13.5 கி.மீ. தள்ளி இன்னொரு படகில் கொலாடோன், தண்ணீருக்குள் இறக்கிய ஒரு குழலில் காதை வைத்துக் காத்திருந்தார். வெளிச்சம் தெரிந்து 9.4 நொடி கழித்து மணி கேட்டது. நொடிக்கு 1,435 மீட்டர். ஏரி நீர் 8 டிகிரிக் குளிரில் இருந்தது. இன்றைய கருவிகள் தரும் எண்ணும் இதற்கு மிக அருகில்தான் இருக்கிறது.

இன்ஸ்டன்ட் காபித்தூளை வெந்நீரில் போட்டுக் கலக்கிவிட்டு, கப்பின் உள்ளே அடியில் கரண்டியால் தட்டினால் ஒலி முதலில் மந்தமாகவும் பிறகு மெல்ல மெல்லக் கூர்மையாகவும் கேட்கிறது. என் காதுதான் கோளாறா? (வாசகர், மதுரை)

காது நன்றாகவே இருக்கிறது. முதல் பதிலுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

தூளோடு சேர்ந்து கோடிக்கணக்கான நுண்குமிழிகள் நீருக்குள் போகின்றன. நூறில் ஒரு பங்கு காற்று கலந்தாலும் நீரின் அடர்த்தி ஒரு சதவீதம்தான் குறையும். ஆனால் விறைப்பு சரிந்துவிடும். அழுத்தினால் நீர் நகராவிட்டாலும் குமிழிகள் சுருங்கிக்கொடுக்கும் அல்லவா? சிரிஞ்சில் தண்ணீரோடு ஒரே ஒரு குமிழியை விட்டுவைத்து அழுத்திப் பாருங்கள், புரிந்துவிடும். அந்த ஒரு சதவீதக் கலவையில் ஒலி நொடிக்கு சுமார் நூறு மீட்டர்தான் போகும். தனித் தண்ணீரைவிடவும் குறைவு, தனிக் காற்றைவிடவும் குறைவு!

கப்பில் உள்ள நீர்த்தூண் எந்தச் சுருதியில் ஒலிக்கும் என்பது அதில் ஒலி போகும் வேகத்தைப் பொறுத்தது. வேகம் குறைந்ததும் சுருதி இறங்குகிறது. குமிழிகள் மேலே வந்து உடைய உடைய வேகம் மீள்கிறது, சுருதி ஏறுகிறது. ஒருமுறை கலக்கிவிட்டு, பிறகு கலக்காமல் அடியில் மட்டும் தட்டிக்கொண்டே இருங்கள். மறுபடி கலக்கினால் மறுபடி இறங்கும்.

எதிரொலி கேட்க 17 மீட்டர் வேண்டும் என்கிறார்கள். எங்கள் கிணற்றின் ஆழம் 12 மீட்டர்தான், கூப்பிட்டால் நன்றாகத் திரும்பக் கேட்கிறதே? (வாசகர், தாராபுரம்)

17 என்பது எங்கிருந்து வந்தது தெரியுமா? முதல் ஒலிக்கும் திரும்பி வரும் ஒலிக்கும் பத்தில் ஒரு நொடியாவது இடைவெளி இருந்தால்தான் காது இரண்டையும் பிரித்துக் கேட்கும் என்று ஒரு தோராயக் கணக்கு. அதற்குள் ஒலி 34 மீட்டர் போய்வரும், அதில் பாதி 17. இது வேலி போட்ட எல்லை அல்ல. கைதட்டல் போன்ற வெட்டென்ற ஒலியானால் பத்து மீட்டரிலேயே பிரித்துக் கேட்கலாம். இழுத்துச் சொல்லும் "ஓ..."வுக்கு 17 கூடப் போதாது, நீங்கள் முடிப்பதற்குள் முன்பகுதி திரும்பி வந்துவிடும்.

உங்கள் கிணற்றில் கேட்பது பெரும்பாலும் தனி எதிரொலி அல்ல. நீர்மட்டத்தில் பட்டு ஒலி திரும்ப 0.07 நொடிதான் ஆகும். அதே சமயம் சுற்றுச்சுவர்களிலும் மோதி மோதி வருவதால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீண்ட முழக்கமாகக் கேட்கிறது. "முருகா" என்று கூப்பிட்டுப் பாருங்கள். சொல் தனியாகத் திரும்பி வராது. "கா"தான் இழுபட்டுக்கொண்டே இருக்கும்.

உண்மையான எதிரொலிக்கு எதிரே வேறு தடையில்லாத ஒரு பெரிய வெற்றுச் சுவர் நல்லது. அது கிடைத்தால் ஒலியின் வேகத்தையே அளந்துவிடலாம். நான் மாணவர்களோடு ஒரு விளையாட்டுத் திடலில் செய்த கணக்கைச் சொல்கிறேன். சுவரிலிருந்து டேப்பால் அளந்து 75 மீட்டரில் நின்றோம். ஒரு பையன் கைதட்டத் தொடங்கி, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினான். ஒரு கட்டத்தில் எதிரொலி காணாமல் போனது. முந்தைய தட்டலின் எதிரொலி வந்து சேர்வதும் அடுத்த தட்டலும் ஒரே நேரத்தில் நடந்தால் அப்படித்தான், ஒன்று மற்றதை மறைத்துவிடும். அந்தத் தாளத்தை மாற்றாமல் இருபது இடைவெளிகளுக்கு நேரம் பார்த்தோம். 8.6 நொடி வந்தது. ஓர் இடைவெளியில் ஒலி போய்வந்த தூரம் 150 மீட்டர், இருபதுக்கு 3,000 மீட்டர். வகுத்தால் நொடிக்கு 349 மீட்டர். அன்று 30 டிகிரி வெயில், வரவேண்டிய எண்ணும் அதுதான்.

இதற்கு முன் இன்னொரு குழு 367 கொண்டுவந்தது. 367 வர வேண்டுமானால் காற்று 60 டிகிரியில் இருக்க வேண்டும், நாங்கள் வெந்தே போயிருப்போம். தவறு எண்ணிக்கையில். கடிகாரத்தை அழுத்தும் முதல் தட்டலை "ஒன்று" என்று எண்ணிவிட்டார்கள். அப்படி எண்ணினால் இருபது தட்டலுக்குள் பத்தொன்பது இடைவெளிகள்தான். முதல் தட்டலைப் "பூஜ்யம்" என்று எண்ண வேண்டும்.

எங்கள் படகு எக்கோ சவுண்டரில் சாளைக் கூட்டம் தடியாகத் தெரிகிறது, சூரை போனால் மங்கலாகத்தான் காட்டுகிறது. சூரைதானே பெரிய மீன்? அப்புறம், படகைப் பின்னால் எடுத்தால் திரையே கலைந்துபோகிறது. கருவியில் பழுதா? (வாசகர், இராமேசுவரம்)

பழுது இல்லை. கருவி ஒரு துடிப்பைக் கீழே அனுப்பி, அது திரும்ப எவ்வளவு நேரம் என்று பார்க்கிறது. 60 மீட்டர் ஆழம் என்றால் போய்வர 120 மீட்டர், நொடிக்கு 1,500 என்று வைத்தால் 0.08 நொடி. ஒலி திரும்புவதற்குத் தடை கடினமாக இருக்க வேண்டும் என்றில்லை. வழியிலுள்ள பொருளின் விறைப்பும் அடர்த்தியும் சட்டென்று மாறினால் போதும். மீனின் சதை ஏறக்குறைய தண்ணீர் மாதிரிதான், ஒலி அதைக் கண்டுகொள்ளாமல் ஊடுருவிப் போய்விடும். ஒலியைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் மீனுக்குள் இருக்கும் காற்றுப்பை. சாளைக்கு அந்தப் பை உண்டு. வரிச்சூரைக்குக் கிடையாது, சுறாவுக்கும் கிடையாது. எனவே உடல் பெரிதானாலும் அவற்றின் எதிரொலி சிறிது.

பின்னால் எடுக்கும்போது புரொப்பல்லர் கலக்கிய குமிழிகள் படகின் அடியில், கருவியின் முகத்துக்கே வந்துவிடுகின்றன. துடிப்பு அந்தக் காற்றுப் படலத்திலேயே பட்டுத் திரும்பிவிடும். காபிக் கப்பில் நடந்த அதே கதை. குமிழி அடங்கியதும் திரை தெளிந்துவிடும். படகு நேராக, மெதுவாகப் போகும்போதும் கலைந்தால் மட்டும் கருவியின் முகத்தில் பாசியோ சிப்பியோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. கருவி 1,500 என்று வைத்துக்கொள்கிறது, உங்கள் வெதுவெதுப்பான கடலில் உண்மை வேகம் 1,540 அளவில் இருக்கும். ஆகவே திரை 40 என்று காட்டினால் உண்மையில் 41 மீட்டர். மீன்பிடிக்க இது பெரிய விஷயமில்லை.

தண்ணீருக்குள் மூழ்கினால் கரையில் கத்துவது கேட்பதில்லை, ஆனால் தூரத்து மோட்டார் படகு தெளிவாகக் கேட்கிறது. அது எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை. (வாசகர், திருகோணமலை)

கரையில் கத்துபவரின் ஒலி நீர்ப்பரப்பைத் தொட்டதும் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் உள்ளே இறங்குகிறது, மீதி மேலேயே எதிரொலித்துப் போய்விடும். மோட்டாரின் புரொப்பல்லர் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் அந்தத் தடை இல்லை.

திசை தெரியாததற்கு வேகம்தான் காரணம். ஒரு காதுக்கும் மறு காதுக்கும் ஒலி வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை பக்கத்தைக் கணிக்கிறது. தண்ணீரில் அந்த வித்தியாசம் நாலில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. போதாக்குறைக்கு, காற்றில் ஒரு காதுக்கு ஒலியை மறைக்கும் தலை, தண்ணீரில் அவ்வளவாக மறைப்பதில்லை. எல்லாப் பக்கமிருந்தும், சில நேரம் தலைக்குள்ளிருந்தே வருவது போலக் கேட்கும். மோட்டார் ஒலி கேட்டால் காதை வைத்து ஊகிக்காமல், மேலே வரும்போது சுற்றிலும் பார்த்துக்கொண்டே வாருங்கள்.