அழகு நிலையக் கடன்: குழு வழியா, தனி விண்ணப்பமா?

கேள்வி: அழகுக்கலைப் பயிற்சி முடித்திருக்கிறேன். எங்கள் ஊராட்சியில் மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினராகவும் இருக்கிறேன். சிறிய பார்லர் வைக்க 3 லட்சம் ரூபாய் தேவை. குழுக் கடன் வாங்கலாமா, தனியாக வங்கிக்குப் போகலாமா?

பதில்: கடையாகவே தொடங்குவதென்றால் தனி விண்ணப்பமே பொருந்தும். குழுக் கடன் குழுவின் பெயரில் வருவது. முதல் முறை வாங்கும் கடனில், குழுவின் மொத்த நிதியைப் போல ஆறு மடங்கு அல்லது 1.5 லட்சம், இவற்றில் எது அதிகமோ அதுவே அளவு. 12 பேர் உள்ள குழுவின் நிதி 60,000 ரூபாய் என்றால் 3.6 லட்சம் கிடைக்கும்; சமமாகப் பிரித்தால் ஒருவருக்கு 30,000தான் வரும். வீட்டிலேயே ஒரு நாற்காலி, கண்ணாடி, பொருள்களுடன் தொடங்க அது போதும், கடைக்குப் போதாது. ஒருவருக்கே பெருந்தொகை தருவதாகக் குழு தீர்மானித்தாலும், நீங்கள் தவறினால் மற்றவர்களின் அடுத்த கடனும் நின்றுபோகும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்களுக்கு ஏற்றது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். மாவட்டத் தொழில் மையத்தைத் தேர்ந்தெடுத்து kviconline.gov.in தளத்தில் கட்டணமின்றி விண்ணப்பிக்கலாம்; இடைத்தரகர் தேவையில்லை. இத்திட்ட விதிகள் 2025-26 வரைக்கு வகுக்கப்பட்டவை என்பதால், நடப்பு நிலையை முதலில் அம்மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அவ்விதிகளின்படி பெண்கள் 5 சதவீதம் மட்டும் சொந்தமாகப் போட வேண்டும். ஊரகப் பகுதியில் மானியம் 35 சதவீதம், நகர்ப்புறத்தில் 25 சதவீதம். உங்கள் 3 லட்சத்துக்கு 15,000 உங்களுடையது, 2,85,000 வங்கி தருவது, மானியம் 1,05,000. இந்த மானியம் கையில் வராது. மூன்று ஆண்டுகள் வங்கியில் வைப்பாக இருந்து, கடை நடப்பது நேரில் சரிபார்க்கப்பட்ட பின்பே கடனில் கழிக்கப்படும். அத்தொகைக்கு இணையான கடன் பகுதிக்கு வங்கி வட்டி வசூலிக்கக் கூடாது என்பதால், கணக்கு விவரத்தை அவ்வப்போது வாங்கிப் பாருங்கள்.

ஆர்வத்தில் முன்கூட்டியே கடையைத் திறந்துவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகலாம். இத்திட்டம் புதிய தொழிலுக்கு மட்டுமே. ஏற்கெனவே வேறு அரசு மானியம் பெற்ற தொழிலுக்கும் இடமில்லை. ஆகவே ஒப்புதல் வரும்வரை நாற்காலி, ஸ்டீமர் எதையும் வாங்காமல், ஜிஎஸ்டி எண் உள்ள கடைகளில் விலைப்புள்ளி மட்டும் பெற்றுத் திட்ட அறிக்கையுடன் இணைத்துவிடுங்கள்.

வங்கி மேலாளர் அந்த அறிக்கையில் முதலில் தேடுவது மாத வருமானக் கணக்கை. முகூர்த்த மாதங்களின் மணப்பெண் அலங்கார வருமானத்தை ஆண்டு முழுவதற்கும் பெருக்கி எழுதினால் நம்பமாட்டார். ஆடி, மார்கழி மாதங்களில் புருவம் திருத்துதல், ஃபேஷியல் ஆகியவற்றால் மட்டும் என்ன வரும் என்பதைத் தனியே காட்டி, அந்த மாதங்களிலும் வாடகை போகத் தவணை கட்ட முடியும்படி கடன் தொகையை வைத்துக்கொள்ளுங்கள்.