O₂ மூலக்கூறு ஆர்பிட்டால் வரைபடத்தில் பிணைப்புத் தரம் சரி, காந்தத் தன்மை மட்டும் ஏன் தப்பாக வருகிறது?

"பிணைப்புத் தரம் 2 வருது, ஆனா எல்லா எலக்ட்ரானும் ஜோடியாயிடுது. எங்கே தப்பு?"

தப்பு கடைசி இரண்டு எலக்ட்ரான்களில்தான் இருக்கும். 12 இணைதிறன் எலக்ட்ரான்களில் பத்தை நிரப்பியதும் π2p வரை முடிந்துவிடும். மிச்சம் இரண்டையும் நீங்கள் ஒரே π* பெட்டிக்குள் போட்டிருப்பீர்கள். அங்கே சம ஆற்றலில் இரண்டு பெட்டிகள் உண்டு, ஹூண்ட் விதிப்படி ஆளுக்கு ஒன்று, அம்புகள் ஒரே திசையில்.

(8−4)/2 = 2 என்பது எப்படிப் போட்டாலும் மாறாது, அதனால்தான் கணக்கு உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. தனி எலக்ட்ரான் இரண்டு என்றால் காந்தத் திருப்புத்திறன் √8, சுமார் 2.83 போர் மேக்னட்டான். திரவ ஆக்சிஜனை வலுவான காந்தத் துருவங்களுக்கு நடுவே ஊற்றினால் இளநீலமாக அங்கேயே ஒட்டி நிற்கும். திரவ நைட்ரஜன் நிற்காமல் கீழே கொட்டிவிடும்.

நீங்கள் வரைந்ததும் கற்பனை இல்லை. இரண்டும் ஜோடியான ஆக்சிஜன் கிளர்வு நிலையில் உண்டு, ஒற்றை நிலை ஆக்சிஜன் என்பார்கள்.