காலில் கட்டோட இந்தியன் டாய்லெட்டும் மாடிப்படியும்

கேள்வி: முழங்காலுக்குக் கீழ கட்டு போட்டிருக்காங்க, ஆறு வாரம் அந்தக் காலை ஊனவே கூடாதாம். வீடு முதல் மாடி, இந்தியன் டாய்லெட் தான். டாய்லெட், குளியல், படி எல்லாம் எப்படி சமாளிச்சீங்க?

எனக்கும் இதே நிலைமை தான், பைக் ஸ்கிட் ஆகி கணுக்கால் ஃபிராக்சர், மதுரைல முதல் மாடி வாடகை வீடு. முதல்ல இஞ்ச் டேப் எடுத்து பாத்ரூம் கதவை அளந்துடுங்க. நான் அளக்காம வாக்கர் வாங்கிட்டேன், வீட்டுக்கு வந்து பாத்தா கதவு ரெண்டு அடி கூட இல்ல, வாக்கர் உள்ளயே போகல. ஒத்தக்கால்ல நொண்டிக்கிட்டு நிலையைப் பிடிச்சு உள்ள போனேன், முதல் நாளே வழுக்கப் பாத்தது. அப்புறம் கக்கத்துல வெக்கிற கட்டைக்கு மாறினேன்.

டாய்லெட்டுக்கு சர்ஜிகல் கடைல கமோடு ஸ்டூல் கிடைக்கும், நடுவுல ஓட்டை வெச்சது, பேசின் மேல அப்படியே வெக்கலாம். அதோட நாலு காலும் சமதரையில நிக்கணும், கால் வெக்கிற மேட்டுலயோ சரிவுலயோ ஒரு கால் பட்டாலும் ஆடும். வீட்ல யாரையாவது முதல்ல உக்கார வெச்சு முன்ன பின்ன ஆட்டிப் பாக்கச் சொல்லுங்க, அடியில ரப்பர் புஷ் தேஞ்சிருந்தா மாத்திடுங்க. உக்காரும்போது திரும்பி நின்னு பின்னாடியே போங்க, ஸ்டூல் விளிம்பு நல்ல கால்ல இடிச்சதும் கட்டு போட்ட காலை முன்னாடி நீட்டிட்டு, ஒரு கை ஸ்டூல்ல வெச்சு மெதுவா இறங்குங்க. எழும்போதும் நல்ல கால்லயும் கையிலயும் தான் பாரம். துண்டு மாட்டுற கம்பியை மட்டும் பிடிச்சிடாதீங்க, உங்க வெயிட்டுக்கு அது கையோட வந்துடும். நம்ம ஊர் பாத்ரூம் சைஸுக்கு நீட்டின கால் வாசலைத் தாண்டி வெளிய நிக்கும், கதவு சாத்தாது, நான் பழைய வேட்டியைக் கட்டித் தொங்க விட்டேன், மானம் போகலன்னு வெச்சுக்கோங்க. ராத்திரி ஒன்னுக்குக்கு மட்டும் யூரின் பாட்டில் வாங்கிடுங்க, தூக்கக் கலக்கத்துல அந்த நடை வேண்டாம்.

குளியலும் அதே ஸ்டூல்ல தான். கட்டு போட்ட கால் வாசலுக்கு வெளிய இன்னொரு ஸ்டூல் மேல இருக்கும், மக்குல தண்ணி எடுத்து உடம்புக்கு மட்டும் ஊத்திக்கலாம். கட்டோட மேல் விளிம்புல காஞ்ச துண்டைச் சுத்திட்டு பெரிய குப்பைக் கவர் மாட்டி, முழங்காலுக்கு மேல தோலோட டேப் ஒட்டணும், அதுக்கு மேல இன்னொரு கவர். ரப்பர் பேண்டை இறுக்கிப் போட்டா கால் வீங்கும். எனக்குப் போட்டது ஃபைபர் கட்டு, நனைஞ்சா ஒன்னும் ஆகாதுன்னு நெனச்சேன். வெளிய இருக்கிற ஃபைபருக்குத் தான் ஒன்னும் ஆகாது, உள்ள இருக்கிற பஞ்சு நனைஞ்சா காயவே காயாது. ரெண்டாவது வாரம் கவர்ல ஓட்டை விழுந்து தண்ணி போச்சு, நானும் சும்மா விட்டேன், மூணாவது நாள் நாத்தம் வந்ததும் தான் ஓடினேன். வெட்டிப் பாத்தா தோல் வெள்ளையா ஊறிப்போய் கிடந்தது, புதுக் கட்டு போட்டு அனுப்பினாங்க. அதனால நனைஞ்சா அன்னிக்கே போயிடுங்க. விரல் நீலமாவோ மரத்தோ போனாலும், தூக்கி வெச்சும் வலியும் இறுக்கமும் ஏறிக்கிட்டே போனாலும் காத்திருக்காதீங்க. கெண்டைக்கால் வீங்கினாலும் அப்படித்தான், திடீர்னு மூச்சு வாங்கினா நேரா எமர்ஜென்சி.

படிதான் பெரிய பயம். கக்கத்துக் கட்டையோட ஏறுறதை பிசியோதெரபிஸ்ட் கத்துக்கொடுத்தாரு, ஏறும்போது நல்ல கால் முதல்ல மேல, அப்புறம் கட்டையும் அடிபட்ட காலும். இறங்கும்போது கட்டை முதல்ல கீழ, அடிபட்ட கால் அதோட முன்னாடி தொங்கும், கடைசியா நல்ல கால். ஒரு கை கைப்பிடியில, இன்னொரு பக்கம் கட்டை. கூட வர்றவங்க ரெண்டு தடவையும் உங்களுக்குக் கீழ்ப்படியில நிக்கணும். வாக்கரை வெச்சு மட்டும் படி ஏறாதீங்க.

எங்க வீட்டுப் படி குறுகல், கைப்பிடியும் ஆடும், அதனால நான் கவுரவம் பாக்காம உக்காந்தே தான் போனேன். முதுகு மேல்பக்கம், முகம் கீழ்ப்பக்கம், ரெண்டு கையையும் அடுத்த படியில ஊனி நல்ல காலால உந்தி ஒவ்வொரு படியா ஏறணும், கட்டு போட்ட கால் முன்னாடி தூக்கின மாதிரியே இருக்கும். இறங்குறதும் அதே மாதிரி, முகம் கீழ்ப்பக்கம் தான். கஷ்டம் மேல போய்ச் சேர்ந்ததும் தரையில இருந்து எந்திரிக்கிறதுல தான், அதுக்காக மாடியில ஒரு குட்டை முக்காலியும் பக்கத்துல சுவத்தோட ஒட்டி ஒரு நாற்காலியும் போட்டு வெச்சோம், தரையில இருந்து முக்காலி, அங்கிருந்து நாற்காலி, அப்புறம் கட்டையை எடுத்து நிக்கிறது. செக்கப்புக்குப் போற நாள் மட்டும் தான் இறங்கினேன், பழைய லுங்கி கட்டிக்கிட்டு, பேண்டை ஒரு பையில வெச்சுக்கிட்டு.